தர்பூசணி தோல்: சமைக்கிறதா, ஊறுகாய் போடுறதா, எதை எப்ப செய்யலாம்?

தர்பூசணி தோலைச் சாப்பிடலாமான்னு கேட்டா நேரா பதில் சொல்லிடுறேன், சாப்பிடலாம். விஷம் எதுவும் கிடையாது. ஆனா தோல்னு மொத்தமா சொல்றதுக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு. வெளியில இருக்குற கடினமான பச்சை, அது மெல்லிசா மெழுகு பூசுன மாதிரி இருக்கும், எவ்வளவு நேரம் வேகவச்சாலும் நார் நாராதான் வாயில நிக்கும். அதுக்கு உள்பக்கம், சிவப்பு சதைக்கும் பச்சைக்கும் நடுவுல, வெள்ளையும் இளம்பச்சையுமா ஒரு பகுதி இருக்குல்ல, நாம சமைக்கிறது ஊறுகாய் போடுறது எல்லாம் அதைத்தான். பச்சையைச் சாப்பிட்டா உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மெல்ல முடியாது, மண்ணு மருந்து எல்லாம் ஒட்டியிருக்குற பகுதியும் அதுதான், அதனால அதைச் சீவி எடுத்துடுறதுதான் சரி.

இந்த வெள்ளைப் பகுதிக்குன்னு பெருசா ஒரு ருசி இல்லை. வெள்ளரிக்காய், சுரைக்காய் எல்லாம் இருக்குற அதே குடும்பம்தான் தர்பூசணியும், அதனால கடிச்சா வெள்ளரி மாதிரி லேசா நறுக்குன்னு இருக்கும், வேகவச்சா சுரைக்காய் பக்கம் போகும். தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும், ஏன்னா இந்தத் தோலை வச்சு செய்யுற ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணியை என்ன பண்றோம்ங்கிறதுலதான் வேறுபடுது. வதக்கும்போது அதைக் கொதிக்கவச்சு விரட்டுறோம், குழம்புல போட்டா அதையே குழம்போட தண்ணியா கணக்குல எடுத்துக்குறோம், ஊறுகாய்ல உப்பு போட்டு முதல்ல வெளிய இழுத்துட்டு அந்த இடத்துல புளிப்பை உள்ள அனுப்புறோம். சொதப்புற இடமும் பெரும்பாலும் இதேதான்.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கையில இருக்குற பழத்தைப் பாக்கணும். சில பழத்துல வெள்ளை அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, சிலதுல ஒன்றரை ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். மெல்லிசா இருந்தா ஊறுகாய் பத்தி யோசிக்கவே வேண்டாம், பச்சையைச் சீவிட்டு சிவப்பையும் எடுத்தா கையில ஒண்ணும் மிஞ்சாது, மிஞ்சினதைத் துருவியோ குச்சி குச்சியா நறுக்கியோ அன்னைக்கே வதக்கிடுங்க. நல்ல தடிப்பா இருந்தாதான் ஊறுகாய்க்குப் போட்ட உழைப்புக்குப் பலன் இருக்கும். அதே மாதிரி ரொம்ப பழுத்து உள்ள சதை மாவு மாதிரி ஆகிப்போன பழத்தோட தோலும் ஊறுகாய்க்கு வேண்டாம், அது ஏற்கனவே தளர்ந்துபோயிருக்கும், குழம்புக்குப் போதும்.

இன்னொண்ணு, இதை யாரும் தள்ளிப்போடாதீங்க. நறுக்கினதும் வெள்ளையில ஒரு சின்னத் துண்டைப் பச்சையா நாக்குல வச்சுப் பாருங்க. சப்புன்னு இருக்கலாம், லேசா புல் வாசம் இருக்கலாம், அதெல்லாம் சரி. ஆனா சுருக்குன்னு கசந்தா, அதாவது துப்பணும்னு தோணுற அளவுக்குக் கசந்தா, அந்தப் பழத்தையே விட்டுடுங்க. இந்தக் குடும்பத்துக் காய்கள்ல எல்லாம் குக்கர்பிட்டசின்னு ஒரு கசப்புப் பொருள் வர வாய்ப்பு இருக்கு, சாதாரணமா இல்லைன்னே சொல்ற அளவுக்குக் கம்மியாதான் இருக்கும், எப்பவாவது அதிகமாகிடும், அப்ப வாந்தி வயித்துப்போக்குன்னு இழுத்து விட்டுடும். வேகவச்சா போயிடும்னு நினைக்காதீங்க, சூட்டுல அது அழியாது. உப்பு போட்டு பிழிஞ்சா போயிடும்னு நம்பவும் வேண்டாம்.

கழுவுறதும் முக்கியம், அதுவும் நறுக்குறதுக்கு முன்னாடி. தரையில கிடந்து வளர்ற பழம் இது, மேல்தோல்ல என்னென்ன ஒட்டியிருக்கோ கத்தி இறங்கும்போது அதையும் சேத்து உள்ள இழுத்துட்டுப் போகும். முழுப் பழத்தை ஓடுற தண்ணியில பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவி, துடைச்சு, அப்புறம் கத்தி வைங்க. சோப்பு தேவையில்லை. அப்புறம் எல்லாரும் துண்டு துண்டா கடிச்சு சாப்பிட்டுப் போட்ட தோலை எடுத்து சமைக்கிறதை விட, முதல்லயே சதையைத் தனியா வெட்டி எடுத்து வச்சிட்டு தோலைத் தனியா ஒதுக்கிடுறது சுத்தம், வேலையும் சுலபம். வெட்டின தோலை வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்க வேண்டாம், வேலை இப்ப இல்லைன்னா மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க, மூணு நாலு நாள் தாங்கும்.

சீவுறதுல ஒரு சின்ன நேக்கு இருக்கு. முழுசா இருக்கும்போதே பச்சையைச் சீவப் பாத்தா பழம் உருளும், கை வழுக்கும். நாலா பிளந்து, சதையை எடுத்துட்டு, தோலை ரெண்டு விரல் அகலத்துக்குப் பட்டையா வெட்டிக்கோங்க, அப்புறம் ஒவ்வொரு பட்டையையும் பலகையில படுக்கவச்சு பீலரால சீவினா ரெண்டு மூணு இழுப்புல வந்துடும். முதல் இழுப்புல கடும்பச்சை போகும், அதுக்கடியில இளம்பச்சையா கெட்டியா இன்னொரு அடுக்கு தெரியும், அதையும் ஒரு இழுப்பு சீவிடணும், இல்லன்னா வெந்தப்புறம் துண்டோட ஒரு ஓரம் மட்டும் கட்டையா நிக்கும். சிவப்பை எவ்வளவு விடுறதுங்கிறது நீங்க என்ன செய்யப்போறீங்கங்கிறதைப் பொறுத்தது. சமையலுக்கு ஒரு நூல் அளவு சிவப்பு ஒட்டியிருந்தா நல்லாவே இருக்கும், லேசா இனிக்கும். ஊறுகாய்க்குச் சுத்தமா எடுத்துடணும், ஏன்னா வெள்ளை நறுக்குன்னு நிக்கும்போது சிவப்பு மட்டும் கரைஞ்சு கூழாகி ஊறுற தண்ணியைக் கலக்கிவிட்டுடும்.

சரி, இப்ப வழிகளுக்கு வரேன். முதல்ல சமைக்கிறது. என்னைக் கேட்டா முதல் தடவை செய்யுறவங்க இதுலதான் ஆரம்பிக்கணும், ஊறுகாய்ல இல்லை. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், புதுசா எதுவும் வாங்க வேண்டாம், பிடிக்கலன்னாலும் ஒரு வேளையோட போச்சு.

வதக்குறதுன்னா தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிப்பா, நீளவாக்குல நறுக்கிக்கணும். அகலமான கடாய், நல்ல சூடு, ஒரே நேரத்துல ரொம்பக் குவிக்காம போடணும். எண்ணெய்ல கடுகோ சீரகமோ பொரிஞ்சதும் மிளகாய் இஞ்சி போட்டு, தோலைப் போட்டு கிளறிக்கிட்டே இருந்தா ஆறு ஏழு நிமிஷத்துல ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி நடு லேசா கடிபடுற பதத்துக்கு வந்துடும். மூடி போடாதீங்க, தண்ணி தெளிக்காதீங்க, உப்பைக் கடைசி ரெண்டு நிமிஷத்துல போடுங்க. பலருக்கு இது சொதசொதன்னு வந்து ‘ச்சே இதைப் போய் சமைச்சேனே’ன்னு ஆகுறதுக்குக் காரணம் இந்த மூணும்தான், எப்பவும் மத்த காய்க்குச் செய்யுற மாதிரி ஆரம்பத்துலயே உப்பு போட்டு மூடி வச்சிடுறாங்க, உப்பு உள்ள இருக்குற தண்ணி அத்தனையையும் வெளிய இழுத்துடும், மூடி அதை ஆவியா போகவிடாது, அப்புறம் வதக்கலுக்குப் பதிலா வேகவச்ச காய்தான் கிடைக்கும். கடாய்ல அடியில தண்ணி தேங்குறது கண்ணுக்குத் தெரிஞ்சா உடனே தீயைக் கூட்டி அகலமா பரப்பிவிடுங்க, காப்பாத்திடலாம்.

குழம்புலயோ பருப்புலயோ போடுறதுன்னா இதுக்கு நேர் எதிர். அங்க அந்தத் தண்ணி நமக்கு வேணும். ஒரு சென்டிமீட்டர் சதுரமா நறுக்கி, கொதிக்கிற குழம்புல போட்டா பத்து பன்னெண்டு நிமிஷத்துல வெந்துடும். எப்பவும் ஊத்துற தண்ணியை விட ஒரு கால் பங்கு குறைச்சு ஊத்துங்க, மிச்சத்தைத் தோலே விட்டுக்கும். பருப்பு ஏற்கனவே வெந்திருக்கணும், ரெண்டையும் ஒண்ணா குக்கர்ல போட்டா பருப்பு வேகுறதுக்குள்ள இது இருந்த இடம் தெரியாது. தனக்குன்னு ருசி இல்லாதது இங்க நல்லதாப் போகுது, புளியோ தக்காளியோ தேங்காயோ எதைச் சேத்தாலும் அதை உறிஞ்சி வச்சுக்கும். புளிப்பு கண்டிப்பா ஏதாவது ஒண்ணு வேணும், அது இல்லாம வெறும் உப்பு காரத்துல செஞ்சா தட்டையா இருக்கும், அப்ப தோல் மேல குறை சொல்லி பிரயோஜனம் இல்லை.

பச்சையா சாப்பிடுறது பத்தி ரெண்டு வார்த்தை போதும். துருவி எலுமிச்சம்பழச் சாறு உப்பு மிளகுத்தூள் போட்டு சாலட் மாதிரி சாப்பிடலாம், ஜூஸ்ல அரைச்சும் சேக்கலாம், நல்லாதான் இருக்கு. உப்பு போட்டு பத்து நிமிஷம் கழிச்சு வர்ற தண்ணியைப் பிழிஞ்சிட்டு சாறு சேத்தா தட்டுல குளம் கட்டாது. வயிறு சீக்கிரம் உப்புறவங்க கொஞ்சமா ஆரம்பிக்கலாம்.

இப்ப ஊறுகாய். இதுல மூணு வழி இருக்கு, மூணும் பேருக்குதான் ஊறுகாய், உள்ள நடக்குறது வேற வேற. ஒண்ணு வினிகர் ஊத்தி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது. ரெண்டாவது சர்க்கரைப் பாகுல வினிகரும் வாசனைப் பொருளும் போட்டு காய்ச்சுறது. மூணாவது வெறும் உப்புத்தண்ணியில போட்டு தானா புளிக்க விடுறது.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லணும். எலுமிச்சை, மாங்காய் மாதிரி தர்பூசணிக்கு சொந்தமா புளிப்பு கிடையாது. பிஹெச்ங்கிறது புளிப்பை அளக்குற எண், அது குறையக் குறைய புளிப்பு அதிகம்; தர்பூசணியோட பிஹெச் ஐந்துக்கு மேல இருக்கும். மூடின பாட்டில்ல காத்து இல்லாத இடத்துல பாட்டுலிசம்ங்கிற நச்சு நோயை உண்டாக்குற கிருமி வளராம இருக்கணும்னா பிஹெச் 4.6க்குக் கீழ இருக்கணும். மாங்காய் ஊறுகாய்ல அந்தப் புளிப்பு காய்லயே இருக்கு, இங்க அதை நாமதான் கொண்டுவந்து கொடுக்கணும், வினிகராவோ புளிக்கவச்சோ. அதனால மாங்காய் ஊறுகாய் போடுற கையோட இதையும் மிளகாய்த்தூள் உப்பு மட்டும் போட்டு எண்ணெய் ஊத்தி மூடி மாசக்கணக்கா வெளியில வைக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். மேல எண்ணெய் நின்னா காத்து போகாது, அது பூஞ்சைக்குத்தான் தடை, காத்தே வேண்டாத கிருமிக்கு அது வசதி. எண்ணெய் ஊறுகாய் மாதிரி வேணும்னு ஆசைப்பட்டா முதல்ல வினிகர்ல ஊறவச்ச துண்டை எடுத்து அதுக்கு எண்ணெயும் பொடியும் சேத்து, கொஞ்சமா போட்டு, ஃப்ரிட்ஜ்லயே வச்சு, ஒரு வாரத்துல காலி பண்ணிடுங்க.

வினிகர் வழிதான் எனக்கு மூணுலயும் பிடிச்சது, ஏன்னா உழைப்பு கம்மி, அளவு தவறினாலும் ஆபத்து கம்மி, நறுக்குன்னு இருக்கும். அரை கிலோ வெள்ளைத் துண்டுக்கு அளவு சொல்றேன். ஒரு மேஜைக்கரண்டி உப்பு போட்டு பிசறி ரெண்டு மணி நேரம் வைங்க. பாத்திரத்துல அரை டம்ளர் அளவுக்குக்கூட தண்ணி சேரலாம், அதைக் கொட்டிட்டு ஒரு தடவை அலசி வடிச்சிடணும். இந்தப் படியைத் தாண்டிப்போனா என்ன ஆகும்னா, நீங்க ஊத்துன வினிகர்ல அந்தத் தண்ணி எல்லாம் அப்புறமா இறங்கி புளிப்பை நீத்துவிட்டுடும், மூணாவது நாள் சாப்பிட்டா ருசியே இருக்காது, சீக்கிரம் கெட்டும் போகும். வடிச்ச துண்டைக் கொதிக்கிற தண்ணியில நாலஞ்சு நிமிஷம் போட்டு எடுங்க, ஃபோர்க் குத்தினா இறங்கணும் ஆனா துண்டு உடையக்கூடாது. அப்புறம் ஒரு கப் வினிகர், ஒரு கப் தண்ணி, ரெண்டு மூணு மேஜைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, இஞ்சித் துண்டு, காஞ்ச மிளகாய், கொஞ்சம் கடுகு, இதைக் கொதிக்கவச்சு சூடா இருக்கும்போதே கண்ணாடி பாட்டில்ல இருக்குற துண்டுங்க மேல ஊத்துங்க, எல்லாம் முங்கணும். ஆறினதும் ஃப்ரிட்ஜ். மறுநாள் சாப்பிடலாம், மூணாவது நாள்தான் உள்வரைக்கும் ஊறியிருக்கும். ரெண்டு மூணு வாரம் ருசி நல்லா இருக்கும்.

வினிகர் பாட்டில்ல எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், பாருங்க. ஐந்து சதவீதம் இருந்தா மேல சொன்ன அளவு சரி. நாலுன்னு போட்டிருந்தா தண்ணியைப் பாதியா குறைச்சுக்கோங்க. வினிகரை விடத் தண்ணி அதிகம் போற மாதிரி எப்பவும் பண்ணாதீங்க. ரொம்பப் புளிக்குதுன்னா சர்க்கரையைக் கூட்டுங்க, வினிகரைக் குறைக்காதீங்க. இது ஃப்ரிட்ஜ்க்குள்ள வைக்கிற ஊறுகாய், அலமாரியில வைக்கிறது இல்லை, அதையும் மறந்துடாதீங்க.

அடுத்தது இனிப்பு ஊறுகாய். அமெரிக்காவுல தர்பூசணித் தோல் ஊறுகாய்னா பழைய காலத்துலருந்து இதுதான், பட்டை கிராம்பு வாசத்தோட பாகுல ஊறின, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற துண்டு. பாக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா இது ஒரு நாள் வேலை இல்லை, ரெண்டு நாள் வேலை. சுமார் 450 கிராம் துண்டுக்கு ரெண்டு கப் குளிர்ந்த தண்ணியில ரெண்டு மேஜைக்கரண்டி உப்பு கரைச்சு ஐஸ் போட்டு மூணு நாலு மணி நேரம் ஊறவைக்கணும், அலசி, புதுத் தண்ணியில பத்து நிமிஷம் வேகவச்சு வடிக்கணும். ஒன்றரை கப் சர்க்கரை, அரை கப் ஐந்து சதவீத வினிகர், அரை கப் தண்ணி, ஒரு துண்டு பட்டை, நாலஞ்சு கிராம்பு, இதை அஞ்சு நிமிஷம் கொதிக்கவச்சு துண்டு மேல ஊத்தி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். மறுநாள் அப்படியே அடுப்புல ஏத்தி மெதுவா கொதிக்கவச்சு துண்டு ஊடுருவித் தெரியுற வரைக்கும், சுமார் ஒரு மணி நேரம், காய்ச்சணும்.

இதுல எல்லாருக்கும் தோணுற கேள்வி, நடுவுல ஏன் ஒரு ராத்திரி, ஒரே மூச்சுல காய்ச்சினா என்னன்னு. கெட்டிப் பாகுல துண்டைப் போட்டு உடனே கொதிக்கவிட்டா துண்டுக்குள்ள இருக்குற தண்ணி வேகமா வெளிய வந்துடும், சர்க்கரை அவ்வளவு வேகமா உள்ள போகாது, அதனால துண்டு சுருங்கி செருப்புத் தோல் மாதிரி விறைச்சுடும். ராத்திரி ஊறுற நேரத்துல பாகு மெதுவா உள்ள இறங்குது, மறுநாள் கொதிக்கும்போது சுருங்குறதுக்கு இடம் இருக்காது. சுருங்கிப்போன துண்டை அப்புறம் எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் பழைய உருவத்துக்கு வராது. இன்னொரு கோடி, முதல்ல வேகவைக்கும்போது பத்து நிமிஷத்தை இருபது ஆக்கிட்டா பாகுல ஜாம் மாதிரி கரைஞ்சிடும். பாகுல போட்டப்புறம் துண்டு இனிமே மென்மையாகாதுன்னு வச்சுக்கிட்டு, மென்மை எவ்வளவு வேணுமோ அதை வெறும் தண்ணியிலேயே முடிச்சிடணும்.

அந்த அளவை இன்னொரு தடவை பாருங்க, 450 கிராம் தோலுக்கு 300 கிராம் சர்க்கரை. தோல்ல கலோரி இல்லைன்னு சந்தோஷப்பட்டு ஆரம்பிச்சது இங்க வந்து மிட்டாயா முடியுது. தொட்டுக்க ரெண்டு துண்டுன்னா சரி, சர்க்கரை வியாதி இருக்குற வீட்டுல இதை நான் சொல்லமாட்டேன். சர்க்கரையைப் பாதியா குறைச்சு செய்யலாமான்னா செய்யலாம், ஆனா அது இந்த ஊறுகாய் ஆகாது, மேல சொன்ன வினிகர் ஊறுகாய் பக்கம் வந்துடும், அப்ப நேரா அதையே செஞ்சுடலாமே.

மூணாவது உப்புத்தண்ணியில புளிக்க விடுறது. இதுல வினிகரே கிடையாது, தோல்லயே இருக்குற லாக்டிக் அமில பாக்டீரியா அதுல இருக்குற கொஞ்ச சர்க்கரையைத் தின்னு புளிப்பை உண்டாக்கும். ருசி மூணுலயும் இதுதான் ஆழமானது, அதை நான் மறுக்கமாட்டேன், ஆனா கவனமும் இதுக்குத்தான் அதிகம் வேணும். தோல் எடையும் தண்ணி எடையும் சேத்து, அதுல மூணு சதவீதம் உப்பு. அரை கிலோ துண்டு, அரை லிட்டர் தண்ணி, 30 கிராம் உப்பு. கரண்டிக் கணக்கு இங்க வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில ஒரே எடை இருக்காது, தராசு வச்சு நிறுத்துப் போடுங்க. துண்டு எதுவும் மேல மிதக்கக்கூடாது, சின்னக் கண்ணாடி மூடியோ கழுவின கல்லோ வச்சு அழுத்திடணும், பாட்டில் மூடியை இறுக்காம வைக்கணும், வர்ற காத்து வெளிய போகணும். வெக்கையான இடம்னா ரெண்டு மூணு நாள்லயே புளிச்சிடும், குளிர்ச்சின்னா ஒரு வாரம் போகும். பிடிச்ச புளிப்பு வந்ததும் ஃப்ரிட்ஜ்.

குமிழி வர்றது, தண்ணி கலங்கி பால் மாதிரி ஆகுறது, புளிச்ச வாசம், இதெல்லாம் நல்லபடியா நடக்குதுன்னு அர்த்தம். மேல வெள்ளையா வழவழப்பா மெல்லிசா ஏடு கட்டினா அது ஈஸ்ட், வழிச்சு எடுத்துட்டுத் தொடரலாம், ஆனா ரொம்ப நாள் விட்டா ருசியைக் கெடுக்கும். பச்சை, கருப்பு, ரோஸ்னு நிறத்தோட பஞ்சு மாதிரி முளைச்சா மொத்தத்தையும் கொட்டிடுங்க, மேல மட்டும் எடுத்துட்டு கீழ இருக்குறதைச் சாப்பிட வேண்டாம். துண்டு கோழையா ஆனாலும் அழுகல் வாசம் வந்தாலும் அதே கதைதான். சந்தேகமா இருந்தா பிஹெச் காகிதம் ஒரு துண்டு நனைச்சுப் பாக்கலாம், பிஹெச் நாலு கிட்ட வந்திருந்தா நிம்மதி. ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைச்சிருக்குறவங்களுக்கு இந்த வழி ஒத்துவராது, ஏன்னா பாதுகாப்பே அந்த உப்புலதான் ஆரம்பிக்குது, அதைக் குறைச்சுப் போட்டா கெட்ட கிருமிக்கு முதல் நாள்லயே வழி விட்ட மாதிரி ஆகிடும்.

இப்ப எல்லாத்தையும் ஒரு பழத்துல வச்சுப் பாக்கலாம், அப்பதான் எதை எப்ப எடுக்குறதுன்னு தெளிவாகும். அஞ்சு கிலோ பழம், தோல் தடிப்பு ரகம்னு வச்சுக்கோங்க. சதையை எடுத்தப்புறம் தோல் மட்டும் சுமார் ஒன்றரை கிலோ வரும். பச்சையையும் ஒட்டியிருக்குற சிவப்பையும் சீவினா கையில நிக்கிறது தொள்ளாயிரம் கிராம், ஒரு கிலோ. மொத்தத்தையும் ஒரே வழியில போட்டா திகட்டிடும், ஒரு கிலோ வதக்கலை ஒரே வேளையில யாரும் சாப்பிடப்போறதில்லை. நான் இப்படித்தான் பிரிப்பேன்: நல்ல தடிப்பா, ஒரே சீரா இருக்குற நடுப் பட்டைங்களை, ஒரு அரை கிலோ வர்ற மாதிரி, வினிகர் ஊறுகாய்க்கு எடுத்து உப்பு போட்டு ஒதுக்கிடுவேன், அது ரெண்டு மணி நேரம் தானா நிக்கட்டும். ரெண்டு முனையிலருந்தும் வர்ற வளைஞ்ச துண்டு, தடிப்பு ஒரே மாதிரி இல்லாதது, சிவப்பு ஒட்டினது, இதெல்லாம் அன்னைக்கு வதக்கலுக்கு. மிச்சம் இருநூறு கிராம் மாதிரி நின்னா சதுரமா நறுக்கி டப்பாவுல ஃப்ரீசர்ல போட்டுடலாம், உருகினதும் நறுக்குன்னு இருக்காது, தளர்ந்துடும், அதனால ஊறுகாய்க்கோ வதக்கவோ ஆகாது, குழம்புக்கு மட்டும் நேரா போட்டுக்கலாம். சமையல் முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துக்குள்ள உப்புல இருந்த தோலும் தண்ணி விட்டிருக்கும், அதை அலசி வேகவச்சு பாட்டில்ல போட்டா அன்னைக்கு வேலை முடிஞ்சது.

பழம் கையில ரெண்டு மூணு வந்து தோல் குவிஞ்சு கிடக்கு, யாருக்காவது கொடுக்கணும்னும் ஆசை இருக்குன்னா அப்ப இனிப்பு ஊறுகாய் சரி, ரெண்டு நாள் உழைப்பு ஒரே தடவையில பல பாட்டிலா வரும். புளிக்க விடுறதை ஏற்கனவே வேற காய்ல செஞ்சு பழகினவங்க தயங்காம செய்யலாம், முதல் முறை புளிக்க வைக்கிறவங்க தர்பூசணித் தோல்ல ஆரம்பிக்காம முட்டைக்கோஸ் மாதிரி ஒண்ணுல கை பழகிட்டு வாங்க, இது சீக்கிரம் தளர்ந்துபோற காய், எங்க தப்பாச்சுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

சத்து பத்தியும் சொல்லிடுறேன், ஏன்னா ‘சதையை விட தோல்லதான் சிட்ருலின் அதிகம்’னு எல்லா இடத்துலயும் பரவுது. சிட்ருலின்ங்கிறது ஒரு அமினோ அமிலம், ரத்தக் குழாய் விரியுறதுக்கு உடம்பு அதைப் பயன்படுத்திக்குது. தண்ணியை முழுசா எடுத்துட்டு காய்ஞ்ச எடைக்கு எடை ஒப்பிட்டா தோல்ல கொஞ்சம் அதிகம்தான், பொய் இல்லை. ஆனா நாம காயவச்சு சாப்பிடுறதில்லையே, அப்படியே ஈரத்தோட எடை போட்டுப் பாத்தா வித்தியாசம் இருந்த இடம் தெரியாது, சதை பக்கம் கொஞ்சம் கூடவே போகலாம். சிட்ருலின் தண்ணியில கரையுற சரக்கு, அதனால வேகவச்ச தண்ணியைக் கொட்டுற ரெண்டு ஊறுகாய்லயும் அதுல ஒரு பங்கு தண்ணியோட போயிடும், உப்பு போட்டு வடிக்கும்போதும் அதேதான். சத்துக்காகத்தான் சாப்பிடுறீங்கன்னா குழம்பு வழியைப் பிடிங்க, விட்ட தண்ணி எல்லாம் குழம்புலயே நிக்கும். நாருக்காக, ஒரு காய்க்குப் பதிலா இன்னொரு காய்னு சாப்பிடுறீங்கன்னா வதக்கல் போதும். ஊறுகாயை ருசிக்காக மட்டும் போடுங்க.

சீவின பச்சைத் தோல் மட்டும் கடைசியில மிஞ்சும். அதை என்ன பண்றதுன்னு தலையைப் பிச்சுக்க வேண்டாம், சின்னதா வெட்டி உரத்தொட்டியில போட்டா அதுல இருக்குற ஈரத்துக்கு சீக்கிரம் மக்கிடும், கூட கொஞ்சம் காஞ்ச இலையைப் போட்டுடுங்க, இல்லன்னா தொட்டி நாறும்.